நாற்பது நிமிடத்தில் ஒரு கருத்துக் கட்டுரை: ஐஇஎல்டிஎஸ் டாஸ்க் 2-ஐ எப்படிக் கட்டுவது?

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் அகாடமிக் வகையில், எழுத்துப் பகுதிக்கு மொத்தம் 60 நிமிடம். அதற்குள் இரண்டு பகுதிகளை எழுத வேண்டும். டாஸ்க் 1-இல் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். அதற்கு 20 நிமிடம் பரிந்துரைக்கிறார்கள். டாஸ்க் 2 கட்டுரை. குறைந்தது 250 சொற்கள், 40 நிமிடம். எழுத்துப் பகுதிக்கான மதிப்பெண்ணில் டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரு மடங்கு எடை உண்டு. 20 நிமிடம் ஆனதும் யாரும் மணி அடிக்க மாட்டார்கள். டாஸ்க் 1-இல் 28 நிமிடம் செலவழித்தால், போன எட்டு நிமிடமும் அதிக மதிப்பெண் உள்ள பகுதியிலிருந்து கழிகிறது. எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். நேரத்தை மீறும் பழக்கம் இருந்தால் டாஸ்க் 2-ஐ முதலில் எழுதிவிடலாம்.

டாஸ்க் 2-இல் பல வகைக் கேள்விகள் வரும். இங்கே ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு கருத்தைக் கொடுத்து, ‘டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ’, அதாவது இதை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் அல்லது மறுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இதுதான் கருத்துக் கட்டுரை. ‘இரண்டு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்’ என்பது வேறு கேள்வி. அதில் இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும். கருத்துக் கேள்விக்கு அந்த அமைப்பில் பதில் எழுதினால், ஒரு பத்தி ஆதரவாகவும் ஒரு பத்தி எதிராகவும் நின்றுவிடும். எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது கடைசி வரியில்தான் எட்டிப்பார்க்கும்.

தமிழ் வழியில் கட்டுரை எழுதப் பழகியவர்களுக்கு இந்தத் தவறு எளிதில் நேரும். பள்ளிக் கட்டுரையில் முன்னுரை பொதுவாகத் தொடங்கும். ஒரு குறளோ பழமொழியோ வரும். பொருளுரையில் செய்திகளை அடுக்குவோம். முடிவுரையில்தான் தீர்ப்பு. அந்த வடிவத்துக்கு அதற்குரிய அழகு உண்டு. இந்தத் தேர்வு எதிர்பார்ப்பது வேறு. தேர்வாளர் நான்கு அளவுகோல்களை வைத்து மதிப்பிடுகிறார்: கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கருத்துகளின் ஒழுங்கும் தொடர்பும், சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. முதல் அளவுகோலில் பேண்ட் 7 என்ற மதிப்பெண் பெற, நிலைப்பாடு தெளிவாகவும் வளர்த்தெடுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ‘வளர்த்தெடுக்கப்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிவுரையில் மட்டும் தெளிவாகச் சொன்னால் போதாது. ஆகவே தீர்ப்பை முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, அந்தத் தீர்ப்புக்கு ஏன் வந்தோம் என்பதைப் பின்வரும் பத்திகளில் காட்ட வேண்டும்.

ஒரு கேள்வியை எடுத்து 40 நிமிடத்தையும் படிப்படியாகக் கடந்து பார்ப்போம். இந்தத் தேர்வில் வரும் பாணியில் அமைத்த கேள்வி இது: “நகர மையங்களில் தனியார் கார்களை முற்றிலும் தடை செய்வதே போக்குவரத்து நெரிசலைக் குறைக்கச் சிறந்த வழி என்று சிலர் கருதுகிறார்கள். இதை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?”

முதல் மூன்று நிமிடம்: கேள்வியின் எல்லை

கேள்வியைப் படித்ததும் ‘கார், நெரிசல், மாசு’ என்று மனம் ஓடும். அங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கேள்வி மாசைப் பற்றியதும் அல்ல, கார் நல்லதா கெட்டதா என்பதும் அல்ல. நான்கு சொற்கள் இதன் எல்லையைக் குறிக்கின்றன: நகர மையம், தனியார் கார், முற்றிலும் தடை, சிறந்த வழி. ‘முற்றிலும்’, ‘சிறந்த’ என்பவை உச்சச் சொற்கள். கேள்வியில் இப்படி ஒரு சொல் வந்தால் விவாதம் பெரும்பாலும் அந்தச் சொல்லைச் சுற்றியே நடக்க வேண்டும். தடையால் நெரிசல் குறையும் என்று நிரூபித்தால் பாதிப் பதில்தான் ஆகும். அது மற்ற வழிகளைவிடச் சிறந்ததா என்பதைத் தொடாவிட்டால், கேள்வியின் ஒரு பகுதிக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை.

இந்த நான்கு சொற்களையும் தாளில் எழுதி வட்டமிடுங்கள். பத்திகளைத் திட்டமிடும்போது ஒவ்வொன்றும் இவற்றில் எதையாவது தொடுகிறதா என்று பார்க்க இது உதவும்.

அடுத்த ஆறு நிமிடம்: நிலைப்பாடும் இரண்டு காரணங்களும்

எழுதாமல் ஆறு நிமிடம் உட்கார்ந்திருப்பது பதற்றமாக இருக்கும். பக்கத்து மேசையில் சத்தம் கேட்கும். ஆனால் திட்டமில்லாமல் தொடங்குபவர் இந்த ஆறு நிமிடத்தைப் பிறகு எப்படியும் செலவழிப்பார். இரண்டாம் பத்தியின் நடுவில் கருத்து தீர்ந்துபோய் நிற்கும்போது அது போகும்.

முதலில் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கலாம்: “நெரிசலைக் குறைப்பது அவசியம், ஆனால் முழுத் தடையைவிட, மையத்துக்குள் நுழையக் கட்டணம் வாங்குவதே நல்ல வழி.” இது மறுப்பு நிலைப்பாடு. ‘ஓரளவு ஏற்கிறேன்’ என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை என்ற கோட்டை அதே வாக்கியத்தில் போட்டாக வேண்டும். கோடு இல்லாத ‘ஓரளவு’, முடிவெடுக்காதவரின் சொல்லாகவே தேர்வாளருக்குப் படும்.

பிறகு ‘ஏன்?’ என்று கேட்டு இரண்டு காரணங்களைக் கண்டுபிடியுங்கள். இரண்டு போதும். மூன்று காரணம் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது அறுபது சொற்கள்தான் கிடைக்கும். அதில் எதையும் விளக்க முடியாது.

காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நடைமுறைச் சோதனை உண்டு. அது எவ்வளவு அறிவார்ந்தது என்பது முக்கியமல்ல. அதை ஆங்கிலத்தில் விளக்க உங்களிடம் சொற்கள் உள்ளனவா என்பதுதான் முக்கியம். தமிழில் யோசிக்கும்போது அருமையான காரணம் தோன்றலாம். அதை ஆங்கிலத்தில் கொண்டுவர நான்கு நிமிடம் போராட வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள். திட்டத்தைத் தமிழில் குறித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களையும் ஆங்கிலத்திலேயே எழுதிப் பாருங்கள். அவை ஆங்கிலத்தில் வராவிட்டால் பத்தியும் வராது.

நம் கேள்விக்கான திட்டம் இவ்வளவுதான்:

நிலைப்பாடு: மறுப்பு. தடையைவிடக் கட்டணம் மேல்.
காரணம் 1: முழுத் தடை, மாற்று வழி இல்லாதவர்களையும் தடுக்கிறது. எடுத்துக்காட்டு: இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியர், சக்கர நாற்காலியில் செல்பவர்.
காரணம் 2: கட்டணமும் நெரிசலைக் குறைக்கிறது, பேருந்துக்குப் பணமும் தருகிறது. எடுத்துக்காட்டு: ஸ்டாக்ஹோம்.

எழுதத் தொடங்குமுன் ஒரு சோதனை. இரண்டு காரணங்களும் உண்மையிலேயே வேறுபட்டவையா? ‘தடை மக்களுக்குச் சிரமம் தரும்’, ‘தடையால் பயணம் கடினமாகும்’ என்று எழுதியிருந்தால் அது ஒரே காரணம், இரண்டு உடை. இது திட்டத்தில் பளிச்சென்று தெரியும். 25-ஆவது நிமிடத்தில் தெரிந்தால் திருத்த வழியில்லை.

ஒன்பதாம் நிமிடம் முதல் முப்பத்தாறு வரை: எழுதுதல்

இந்த 27 நிமிடத்தில் 270 சொற்கள் அளவுக்கு எழுத வேண்டும். நிமிடத்துக்குப் பத்துச் சொற்கள்தான், நிதானமான வேகம். முன்னுரைக்கு 45 சொற்கள், ஐந்து நிமிடம். நடுவில் காரணங்களைச் சொல்லும் இரண்டு உடல் பத்திகளுக்கும் தலா 95 சொற்கள், ஒன்பது நிமிடம். முடிவுரைக்கு 35 சொற்கள், நான்கு நிமிடம். 350 சொற்கள் எழுதினால் கூடுதல் மதிப்பெண் கிடைக்காது. பிழைகளுக்குத்தான் இடம் கூடும். கணினியில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். தாளில் எழுதுபவர்கள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொற்கள் வரும் என்பதை வீட்டிலேயே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னுரையில் இரண்டு வாக்கியங்கள் போதும். முதலாவது, கேள்வியிலுள்ள கருத்தை உங்கள் சொற்களில் சொல்வது. கேள்வியின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதாதீர்கள். அது உங்கள் மொழித்திறனுக்குச் சான்றாகாது. இரண்டாவது, உங்கள் நிலைப்பாடும் அதற்கான இரண்டு காரணங்களின் சாயலும்: “முழுத் தடை, வேறு வழியில்லாதவர்களைத் தண்டிக்கும் என்பதாலும், கட்டணம் அதே பலனைத் தந்து பொதுப் போக்குவரத்துக்கு நிதியும் தரும் என்பதாலும், நான் இதை ஏற்கவில்லை.” இந்த ஒரு வாக்கியமே கட்டுரைக்கு வரைபடம். ‘இன்றைய நவீன உலகில் போக்குவரத்து மிக முக்கியமான ஒன்றாகும்’ என்ற வகைத் தொடக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தக் கேள்விக்கும் பொருந்தும் வாக்கியம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. மனப்பாடம் செய்து வந்த வரியைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார்.

உடல் பத்திதான் கட்டுரையின் உயிர். இங்கே கொஞ்சம் நிற்போம். முதல் பத்தியைப் பலர் எழுதும் விதம் இது:

“முதலாவதாக, தடை விதித்தால் மக்கள் மிகவும் சிரமப்படுவார்கள். எடுத்துக்காட்டாக, என் ஊரில் பலர் கார் வைத்திருக்கிறார்கள். மேலும், கடைகளுக்கும் வியாபாரம் குறையும். மேலும், கார் உற்பத்தித் தொழிலும் பாதிக்கப்படும். எனவே தடை நல்லதல்ல.”

ஐந்து வாக்கியங்கள், மூன்று கருத்துகள், விளக்கம் ஒன்றுகூட இல்லை. எந்த மக்கள், ஏன் சிரமப்படுவார்கள் என்று சொல்லவில்லை. பலர் கார் வைத்திருப்பது சிரமத்துக்கு எடுத்துக்காட்டு ஆகாது. கடை, தொழிற்சாலை இரண்டும் ‘மேலும்’ என்ற கயிற்றில் தொங்குகின்றன. இணைப்புச் சொற்களை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியங்களுக்கு இடையே தொடர்பு இல்லாதது தெரியும். இணைப்புச் சொல் இருக்கும் தொடர்பைக் காட்டும்; இல்லாத தொடர்பை அதனால் உண்டாக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் இணைப்புச் சொல்லோடு தொடங்குவதைத் தேர்வாளர்கள் இயந்திரத்தனம் என்றே கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட பயன்பாடு பேண்ட் 6-க்கான விவரிப்பில் வருகிறது.

அதே கருத்தைத் திட்டப்படி எழுதினால்:

“முழுத் தடையின் பெரிய குறை, காரைத் தவிர வேறு வழியில்லாதவர்களையும் அது மற்றவர்களோடு சேர்த்துத் தடுப்பதுதான். அலுவலக நேரத்தில் பயணிப்பவர்கள் பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறிக்கொள்ளலாம்; அந்த நேரத்தில் அவை அடிக்கடி ஓடுகின்றன. இரவு நேரத்தில் அப்படி இல்லை. நகர மையத்திலுள்ள மருத்துவமனையில் நள்ளிரவில் பணி முடிக்கும் ஒரு செவிலியருக்கு வீடு திரும்பப் பேருந்தே இருக்காது. அவரது கார் அந்த நேரத்தில் நெரிசலை உண்டாக்குவதும் இல்லை. சக்கர நாற்காலியில் செல்பவருக்கோ, பேருந்து இருந்தாலும் நிறுத்தம் வரை போவதே கடினம். நெரிசலுக்குக் காரணமாக இல்லாதவர்களிடமும் ஒரே கடுமையைக் காட்டும் விதியைச் சிறந்த வழி என்று சொல்ல முடியாது.”

இங்கே முதல் வாக்கியம் பத்தியின் கருத்தைச் சொல்கிறது. அடுத்த இரண்டும், ஏன் சிலருக்கு மாற்று வழி உண்டு, சிலருக்கு இல்லை என்று விளக்குகின்றன. பிறகு எடுத்துக்காட்டு. கடைசி வாக்கியம் கேள்விக்குத் திரும்புகிறது: ‘சிறந்த வழி’. கருத்துக்கும் எடுத்துக்காட்டுக்கும் நடுவிலுள்ள அந்த விளக்கம்தான் பெரும்பாலான கட்டுரைகளில் காணாமல் போகிறது. எழுதுபவர் மனதில் அது இருக்கும். ‘இது தெரிந்ததுதானே’ என்று தாண்டிவிடுவார். ஒவ்வொரு முதல் வாக்கியத்துக்குப் பிறகும் ‘அது எப்படி?’ என்று ஒருவர் கேட்பதாக நினைத்து, அதற்குப் பதிலாக இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு எடுத்துக்காட்டுக்குப் போங்கள்.

எடுத்துக்காட்டு உங்கள் அனுபவத்திலிருந்தோ பொது அறிவிலிருந்தோ வரலாம். கேள்வியோடு வரும் குறிப்பே அதற்கு இடம் கொடுக்கிறது. தேர்வாளர் உங்கள் பொது அறிவைச் சோதிப்பதில்லை. எடுத்துக்காட்டு உங்கள் கருத்தைத் தாங்குகிறதா என்றுதான் பார்க்கிறார். அதனால் ‘ஓர் ஆய்வின்படி 78 சதவீதம் பேர்’ என்று எண்ணைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை. அந்த எண் எதையும் விளக்காது. மேலே வரும் செவிலியர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவர் நிலைமை காரணத்தை விளக்குகிறது.

உண்மைத் தகவல் தெரிந்திருந்தால் பயன்படுத்துங்கள். நம் இரண்டாம் பத்திக்கு ஸ்டாக்ஹோம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நெரிசல் கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மையத்துக்குள் வந்துபோகும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிறகு அந்நகர மக்கள் பொது வாக்கெடுப்பில் அதை ஆதரித்தார்கள், 2007-இல் நிரந்தரமானது. லண்டனில் 2003 பிப்ரவரியிலேயே நாளுக்கு 5 பவுண்டு கட்டணத்துடன் இதே முறை தொடங்கியிருந்தது. இவ்வளவையும் கட்டுரையில் கொட்டாதீர்கள். ஓர் ஊர், ஒரு விளைவு, ஒரு வாக்கியம். ‘ஸ்டாக்ஹோம் 2006-இல் கட்டணம் விதித்தபோது, யாரையும் தடுக்காமலே வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன’ என்றால் போதும்.

இரண்டாம் பத்தியில் இன்னொரு வேலையும் முடியும். ‘கட்டணம் பணக்காரர்களுக்குச் சாதகம்தானே?’ என்று படிப்பவருக்குத் தோன்றும். அதை நீங்களே ஒரு வாக்கியத்தில் எழுப்பி, அடுத்த வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள்: வசூலாகும் பணம் பேருந்துக்குச் செலவானால், கார் இல்லாதவர்களுக்கே அதிகப் பலன். எதிர்வாதத்துக்கு இவ்வளவு இடம் போதும். அதற்குத் தனிப் பத்தி கொடுத்தால் உங்கள் நிலைப்பாட்டின் குரல் தணிந்துவிடும்.

முடிவுரையில் நிலைப்பாட்டை வேறு சொற்களில் திரும்பச் சொல்லி, இரண்டு காரணங்களையும் ஒரே வாக்கியத்தில் தொட்டு நிறுத்துங்கள். இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, ‘மேலும் இதனால் காற்று மாசும் குறையும்’ என்று புதுக் காரணம் நுழைவது. விளக்க இடமில்லாத காரணம் கட்டுரையைப் பாதியில் விட்டது போலாக்கும். மற்றொன்று இன்னும் மோசமானது. முன்னுரையில் ‘ஏற்கவில்லை’ என்று எழுதியவர், மரியாதைக்காக ‘ஆயினும் தடையும் நல்லதே’ என்று முடிப்பார். நிலைப்பாடு அங்கேயே உடைந்துவிடும்.

கடைசி நான்கு நிமிடம்

முழுக் கட்டுரையையும் மெல்லப் படிக்க நேரமிருக்காது. முதலில் உடல் பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் படியுங்கள். கேள்வியைப் பார்க்காத ஒருவர் அவற்றிலிருந்து கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வாக்கியத்தில் கேள்வியின் ஒரு சொல்லைச் சேருங்கள்.

பிறகு இலக்கணம். எல்லாப் பிழையையும் தேடாமல், உங்களுக்கு வழக்கமாக வரும் இரண்டை மட்டும் தேடுங்கள். தமிழர்களுக்குப் பெரும்பாலும் அவை ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ என்ற ஆர்ட்டிக்கிள்களும், படர்க்கை ஒருமை எழுவாய்க்குப் பின் வினைச்சொல்லில் விடுபடும் ‘எஸ்’ எழுத்தும்தான். முதலாவதற்கு இணையான சொல்வகை தமிழில் இல்லாததால் அது விடுபடுவதைக் காது எச்சரிக்காது; கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

33-ஆம் நிமிடத்தில் இரண்டாம் பத்தி இன்னும் பாதியில் நிற்கிறதென்றால், எதை விடுவது? எதிர்வாதத்தை விடுங்கள். எடுத்துக்காட்டை ஒரு வாக்கியமாகச் சுருக்குங்கள். கேள்விக்குத் திரும்பும் கடைசி வாக்கியத்தை எழுதி, பத்தியை மூடி, நிலைப்பாட்டைச் சொல்லும் ஒற்றை வாக்கிய முடிவுரைக்குப் போங்கள்.